காவடிப் படத்துக்குக் கீழே ஒரு வாய்: மியூட்டா, ரெஸ்டிரிக்டா, பிளாக்கா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் என் அக்கா மகள் தைப்பூசத்தன்று காவடி எடுத்த படங்களை இன்ஸ்டாகிராமில் போட்டாள். மறுநாளே ஒருவர் கீழே வந்து உட்கார்ந்துகொண்டார். தெரிந்த குடும்பத்து ஆள்தான். முதலில் சேலையைப் பற்றிச் சொன்னார், அப்புறம் உடம்பைப் பற்றி. "சித்தி, பிளாக் பண்ணினா வீட்டுல சண்டை வரும், என்ன செய்ய?" என்று கேட்டாள்.

மியூட்டை அவளே போட்டுப் பார்த்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை, ஆகவும் ஆகாது. மியூட் போட்டால் அவருடைய பதிவுகளும் ஸ்டோரிகளும் நமக்கு வராது, அவ்வளவுதான். அவர் நம்மைப் பார்ப்பதும் எழுதுவதும் அப்படியே நடக்கும். ஓயாமல் படம் போடும் ஒன்றுவிட்ட அண்ணனுக்கு ஏற்றது, இந்த மாதிரி ஆளுக்கு அல்ல.

ரெஸ்டிரிக்ட் வேறு வகை. அதைப் போட்ட பிறகு அவர் எழுதும் கமெண்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். ஊரே படித்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார், ஒருவருக்கும் தெரியாது. நமக்கு மூடிய நிலையில் வரும். வேண்டுமானால் See comment என்பதைத் தட்டிப் படிக்கலாம், அழிக்கலாம். அவர் அனுப்பும் மெசேஜ் ரிக்வெஸ்ட் பகுதிக்குப் போய்விடும், நாம் படித்தோமா என்று அவருக்குக் காட்டாது. அறிவிப்பும் போகாது என்பதால் கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்காரவேண்டிய உறவுகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இவளுக்கும் அதைத்தான் போட்டோம். வாய் அடங்கியது. ஆனால் ஸ்டோரி பார்த்தவர்கள் பட்டியலில் தினமும் அவர் பெயர் இருந்தது. ரெஸ்டிரிக்ட் கண்ணை மறைக்காது. அதற்கு இரண்டு வழி உண்டு. ஸ்டோரியை மட்டும் அவரிடமிருந்து மறைக்கலாம். இல்லையென்றால் கணக்கைப் பிரைவேட் ஆக்கிவிட்டு, ஃபாலோயர் பட்டியலிலிருந்து அவரை நீக்கலாம். பலர் பிரைவேட் ஆக்குவதோடு நின்றுவிடுகிறார்கள். ஏற்கெனவே ஃபாலோ செய்பவர் அப்போதும் உள்ளேதான் இருப்பார், நாமாக நீக்கினால்தான் வெளியே போவார். நீக்கியதும் அவருக்குத் தெரிவிக்கப்படாது.

மூன்று வாரம் கழித்து ரிக்வெஸ்ட் பகுதியில் மிரட்டல் வந்தது. இனி பிளாக்தான் என்று அவள் விரலைக் கொண்டுபோனாள், நான் தடுத்தேன். பிளாக் செய்தால் நம் படங்களின் கீழ் அவர் எழுதிய கமெண்டும் போட்ட லைக்கும் மறைந்துவிடும், பிறகு பிளாக்கை எடுத்தாலும் திரும்பாது. சாட்சியை நாமே அழித்த கதை ஆகிவிடும்.

அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். கணக்கின் பெயரும் கமெண்டும் ஒரே படத்தில் விழவேண்டும். தேதி இருக்கும் இடத்தில் 2w என்று மட்டும் காட்டும், அதாவது இரண்டு வாரத்துக்கு முன். ஆறு மாதம் கழித்து அதைப் பார்ப்பவருக்கு அதில் ஒன்றும் புரியாது. எடுத்த நாளைப் பக்கத்திலேயே எழுதி வைத்தோம். அடுத்து அந்தக் கமெண்டையும் மெசேஜையும் ரிப்போர்ட் செய்தோம், கணக்கை மொத்தமாக அல்ல. எந்தச் சொல் என்று காட்டினால்தான் பார்ப்பவருக்கு விளங்கும். யார் புகார் செய்தது என்று அவருக்குச் சொல்லமாட்டார்கள். படம் போட்டவள்தான் செய்யவேண்டும் என்பதும் இல்லை, கமெண்டைப் பார்க்கும் யாரும் செய்யலாம். ஆனால் கோயில் வாட்சாப் குழுவில் "எல்லாரும் ரிப்போர்ட் அடிங்க" என்று சொல்வதால் பயன் குறைவு. விதியை மீறியதா என்றுதான் பார்ப்பார்கள், எத்தனை பேர் சொன்னார்கள் என்று அல்ல.

கடைசியாகத்தான் பிளாக். அதில் அவர் வைத்திருக்கும், இனி தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கும் தேர்வு இருக்கிறது, அதையே எடுங்கள். ஆனாலும் முழுக் காப்பு இல்லை. வேறு போன், வேறு மின்னஞ்சல் என்று வருபவர் வரத்தான் செய்வார், நண்பனின் போனிலும் பார்ப்பார்.

ரிப்போர்ட்டுக்கு வந்த பதில், கமெண்டில் விதிமீறல் இல்லை என்பது. மறுபரிசீலனை கேட்டோம். அதோடு நம் நாட்டுச் சட்டத்தையும் பார்த்தோம். 2011-ஆம் ஆண்டின் 17-ஆம் எண் தொல்லைத் தடுப்புச் சட்டம் 2013 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. போன், இணையம் வழியாக வரும் தொல்லையும் அதில் அடங்கும். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமலே பாதுகாப்பு உத்தரவுக்கு விண்ணப்பிக்கலாம். பெயர் மறைத்த கணக்கு என்றால், அதன் பின்னால் இருப்பவரின் விவரத்தைத் தரும்படி சேவை நிறுவனத்துக்கு நீதிமன்றம் உத்தரவிட முடியும். பிளாக்கோ ரிப்போர்ட்டோ நமக்கு அந்த முகத்தைக் காட்டாது.

ஸ்கிரீன்ஷாட்டுகளை அச்செடுத்து, 2w இருந்த ஒவ்வோர் இடத்திலும் பேனாவால் தேதி எழுதிக்கொண்டு விண்ணப்பம் வாங்கப் போனோம்.