புதுக் கடைக்கும் நீங்கதான் போர்டு எழுதணும் அண்ணே

அண்ணே வணக்கம், அனோரட்டா ரோட்டு பேக்கரிக்கு நீங்க எழுதிக் கொடுத்த போர்டு யாங்கூன் மழை பலதையும் பார்த்துடுச்சு, இப்ப ரெண்டாவது கடை போடறோம், அதனால இத்தனை நாள் அது எப்படி இருந்துச்சு, புதுசுல என்ன வேணும்னு வெவரமா எழுதறேன்.

எனக்கு ரொம்பப் புடிச்சது "பட்டர் பன்" எழுதின இடம்தான். அதுல ரெண்டு ப வருது, முதல் ப கொஞ்சம் அகலமா காலை விரிச்சு நிக்கும், ரெண்டாவது பக்கத்துல இருக்கற ன்-க்கு இடம் விட்டு லேசா ஒடுங்கிருக்கும். கம்ப்யூட்டர் எழுத்துல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணா இருக்கும், அதுதான் வெறைப்பா தெரியுது. அதனால இந்த தடவையும் பேப்பர்ல ஓட்டை போட்டு கரித்தூள் தட்டி அச்சு எடுக்க வேணாம்ணே, சாக்பீஸ் நூலால மேலயும் கீழயும் கோடு அடிச்சுட்டு கையாலயே எழுதுங்க. பர்மா எழுத்து வட்டத்துக்கும் காம்பஸ் வேணாம், ரெண்டு இழுப்புல இடமும் வலமும் வந்து சேர்ற எடத்துல பிரஷ் மெலிஞ்சு நிக்குமே, அந்த மெலிசு அப்படியே இருக்கட்டும்.

கலர் பத்தி சொல்லணும்னா பளிச்சுனு வெள்ளை வேணாம், பாலாடை நெறம் அடிச்சு மேல ரஸ்க் ஓரம் மாதிரி பிரவுன். அந்த பிரவுன் இன்னும் அப்படியே இருக்கு, ஆனா எழுத்து நிழலுக்குப் போட்ட செவப்பு வெயில் படற பக்கம் வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. புதுசுல நிழலுக்கு காவி போடுங்க, காவி மண்ணுல இருந்து வர்ற நெறம், வெயிலுக்கு சீக்கிரம் வெளுக்காது.

முக்கியமான விஷயம் தகரம். சந்துப்பக்கம் இருக்கற சின்ன போர்டு வேற ஒருத்தர் எழுதினது, துத்தநாகத் தகரத்துல நேரா எனாமல் அடிச்சுட்டார், ரெண்டாவது மழையிலேயே அப்பளம் மாதிரி செதில் செதிலா கழண்டுச்சு, கழண்ட எடத்துல தகரம் புதுசாட்டம் மின்னுது, துரு எதுவும் இல்ல. எனாமல்ல இருக்கற எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து நடுவுல சோப்பு மாதிரி ஒரு படலம் ஆயிடுமாம், ஈரம் பட்டா பெயிண்ட்டுக்குப் புடிமானமே இருக்காது. அதனால புதுக் கடைக்கு தகரம்தான்னா எண்ணெய்ப்பிசுக்கை நல்லா கழுவி, துத்தநாகத்துக்குன்னே வர்ற எட்ச் பிரைமர் ஒரு கோட் அடிச்சுட்டு எனாமல் போடுங்க, அந்த செலவு என்னோடது.

பக்கத்துக் கடை எல்இடி போர்டெல்லாம் கரண்ட் போனா இருட்டாயிடுது, நம்ம போர்டு ஒரு சார்ஜர் லைட்டு வெளிச்சத்துலயே படிக்க முடியுது, அதனால எழுத்தைச் சின்னதாக்கிடாதீங்க.

தின்ஜான் தண்ணித் திருவிழா முடிஞ்சதும் வாங்க, மழை வர்றதுக்குள்ள காயணும். காலைலயே ஆரம்பிச்சுடலாம், வெயில் ஏறி தகரம் சுட்டா பிரஷ் இழுபடுமே. டீயும் பன்னும் கடையில ரெடியா இருக்கும்.