விலை அசையாத பங்கில் வாங்குபவரைத் தேட: எம்எஃப்ஐயா, ஏடி கோடா?

கொழும்பு பங்குப் பரிவர்த்தனையில் வாரக்கணக்காக ஒரே விலையில் படுத்துக் கிடக்கும் பங்குகளுக்குக் குறைவில்லை. அவற்றை யாராவது சத்தமில்லாமல் சேர்க்கிறார்களா என்று பார்க்க, என் சார்ட்டின் கீழே இப்போது இருப்பது ஏடி கோடு, அதாவது அக்குமுலேஷன் டிஸ்ட்ரிபியூஷன். முன்பு இருந்த எம்எஃப்ஐயை, அதாவது மணி ஃப்ளோ இண்டெக்ஸை, எடுத்துவிட்டேன்.

இரண்டும் விலையோடு வொலியூமையும் பார்ப்பவைதான். எம்எஃப்ஐ 0 முதல் 100 வரை ஆடும், வழக்கமாக 14 நாள் கணக்கு. ஏடி கோட்டுக்கு எல்லை இல்லை, கூட்டிக்கொண்டே போகும். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஒரு நாளின் வொலியூமை இவை எந்தப் பக்கம் எழுதுகின்றன என்பது.

கற்பனையாக ஒரு பங்கு. நேற்று உச்சம் 20.80, தாழ்வு 20.00, முடிவு 20.10. இன்று 19.50 வரை இறங்கி, 20.50 தொட்டு, 20.40இல் முடிகிறது. கைமாறியது ஒரு இலட்சம் பங்கு.

எம்எஃப்ஐ உச்சம், தாழ்வு, முடிவு மூன்றின் சராசரியை நேற்றைய சராசரியோடு ஒப்பிடும். நேற்று 20.30, இன்று 20.13. குறைந்துவிட்டது, ஆகவே இன்றைய பணம் முழுவதும், சுமார் 20 இலட்சம் ரூபாய், விற்பனைப் பக்கம் போய்விடும். ஏடி கோடு நேற்றைத் திரும்பிப் பார்க்காது. முடிவு தாழ்விலிருந்து 90 சதம் மேலே, உச்சத்திலிருந்து 10 சதம் கீழே; வித்தியாசமான 80 சதத்தை நாளின் வீச்சான ஒரு ரூபாயால் வகுத்தால் 0.8. ஆக 80,000 கூடும். கீழே வந்ததையெல்லாம் ஒருவர் வாங்கிப்போட்ட நாளாக இது இருக்கலாம். எம்எஃப்ஐ அதை விற்பனை என்றே எழுதியிருக்கும்.

நேற்றைப் பார்க்காததே ஏடியின் பலவீனமும். நாளை 18.50இல் திறந்து, 18.20க்கும் 18.80க்கும் நடுவே ஆடி 18.70இல் முடிந்தால், 1.70 ரூபாய் விழுந்த பிறகும் கோடு ஏறும். அந்த இடத்தில் எம்எஃப்ஐ சொல்வதுதான் சரி. நாள் முழுக்க ஒரே விலையில் வியாபாரமாகும் பங்குகளில் வீச்சு பூச்சியம், ஏடிக்குச் சொல்ல எதுவுமில்லை. நிறையக் கைமாறும் வங்கிப் பங்குகளில் எம்எஃப்ஐயை நான் அதிகம் பார்த்ததில்லை, அங்கே அது நன்றாகவே வேலை செய்யலாம்.

அப்புறம் குறோசிங். பேசி முடித்த பெரிய கைமாற்றம் வொலியூமில் சேர்ந்துவிட்டால் இரண்டும் குழம்பும். எம்எஃப்ஐயில் அந்த நாள் கணக்கிலிருந்து கழன்றதும், சந்தையில் எதுவும் நடக்காமலே எண் துள்ளும். ஏடியில் அது ஒரு படியாக நிலைத்துவிடும், ஆனால் கண்ணுக்குத் தெரியும். ஒரே நாளில் செங்குத்தாக ஏறிய படியை விட்டுவிட்டு, விலை அசையாதபோது பல நாள் சிறிது சிறிதாக ஏறும் பகுதியை மட்டும் பார்க்கிறேன்.