நெட்டை நாற்றும் பக்கவாட்டுப் போட்டோவும்: சில வருஷப் பழக்கத்தில் தெரிந்தது

98 குழித்தட்டில் தக்காளியும் மிளகாயும் நாற்றுவிட ஆரம்பித்ததிலிருந்தே தட்டை போட்டோ எடுத்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒரு வாரத்துக்கு முந்தைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்தால், தினமும் பார்க்கிற கண்ணுக்குத் தப்புகிற வளர்த்தி தெரிந்துவிடும். ஆனால் படத்தை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது.

மேலிருந்து எடுத்த படம் ஏமாற்றும். வெளிச்சம் போதாமல் தண்டு நீண்டுபோன நெட்டை நாற்றும் மேலிருந்து பார்த்தால் பச்சைப்பசேல் என்றுதான் இருக்கும். செல்போன் நிழலைத் தானாகவே வெளுப்பாக்கிக் காட்டுவதால், வெளிச்சம் போதுமா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஓரத்துச் செடிகள் வேறு வெளியே சாய்ந்த மாதிரி விழும். அதனால் தட்டின் மட்டத்துக்குக் குனிந்து, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அளவுக்கு ஒரு தீக்குச்சியைக் குழி ஓரத்தில் நட்டு வைப்பேன். வெளியே தெரிகிற பகுதி மூணு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். தக்காளியில் விதையிலை குச்சியின் தலைக்குக் கீழே நின்றால் கவலை இல்லை. தாண்டி நின்று, தண்டும் வெளிறியிருந்தால் நாற்று வெளிச்சத்தைத் தேடி ஓடியிருக்கிறது.

போன சாரல் சமயத்தில் பாவூர்சத்திரம் பக்கத்து அண்ணாச்சி ஒருத்தர் தக்காளித் தட்டைப் படமெடுத்து அனுப்பி, "நாத்து தளதளன்னு வந்திருக்கு, ஆனா தண்ணி ஊத்துனா படுத்துக்கிடுது, அழுகலா பாருப்பா" என்றார். "அண்ணாச்சி, தட்டுக்கு நேரா குனிஞ்சு ஒண்ணு எடுத்து அனுப்புங்க" என்றேன். வந்த படத்தில் தண்டின் அடி திடமாகத்தான் இருந்தது. நாற்றழுகலாக இருந்தால் மண் மட்டத்தில் நீர்க்கோத்து, நூல் மாதிரி சுருங்கியிருக்கும். இது வெறும் நெட்டை.

அந்த ஒரே படத்தில் மூன்று விஷயம் தெரிந்தது. எல்லா நாற்றுக்கும் விதையிலைக்குக் கீழுள்ள தண்டு ஒரே மாதிரி நீளம். அதாவது முளைத்த அன்றே வெளிச்சம் கிடைக்கவில்லை. கேட்டால், அடுக்கி பாலித்தீன் போர்த்திய தட்டுகளை முளை தெரிந்த பிறகும் இரண்டு நாள் விட்டிருக்கிறார். தக்காளி முளையை இருட்டில் ஒரு நாள் கூடுதலாக விட்டாலே போச்சு. அடுத்தது, எல்லாம் கிழக்கே சாய்ந்திருந்தன; மேற்கே சுவர். மூன்றாவது, பல குழிகளில் இரட்டைச் செடி. பக்கத்து இலையின் நிழல் பட்டாலே நாற்று போட்டி போட்டு உயரும். நடுத்தட்டு உயர்ந்து ஓரம் குட்டையாக இருந்தால், நெருக்கம்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

சித்திரை வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும்தான். சாரல் காலத்தில் மேகமே பாதி நிழல், அதன்மேல் வலையும் என்றால் செடி என்ன செய்யும்? வலையை ஒரே நாளில் உருவினால் இலை வெந்துபோகும். முதல் இரண்டு நாள் காலை பத்து மணி வரைக்கும், அப்புறம் சாயங்காலமும், அதன்பின் உச்சி வெயிலைத் தவிர்த்து முழு நேரமும் திறக்கச் சொன்னேன். சுவரோரத் தட்டுகளை நகர்த்தி, தினமும் திருப்பி வைக்கவும் சொன்னேன். இரட்டையில் ஒன்றைப் பிடுங்கக் கூடாது, வேர் பின்னியிருக்கும். கத்தரிக்கோலால் அடியோடு நறுக்கிவிட வேண்டும். "காசு போட்டு வாங்குன விதைல்லா" என்று அண்ணாச்சிக்கு இதில்தான் மனசே இல்லை.

தண்ணீர் விஷயத்தில், குழியில் நிரப்புகிற தென்னை நார்க்கழிவு பொல்லாதது. மேலே வெளுத்திருக்கும், அடியில் சொதசொதவென்று இருக்கும். மேல்நிறத்தைப் பார்த்து ஊற்றாமல் தட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். லேசாக இருந்தால் மட்டும், காலையில், அடித்துளையில் சொட்டும் வரை பூவாளியால் ஊற்றினால் போதும். சாயங்காலத் தண்ணீர் இரவெல்லாம் ஈரமாக நின்று, நெட்டைத் தண்டை இன்னும் இளக்கும், அழுகலுக்கும் வழிவிடும். நீரில் கரையும் உரமும் கொஞ்ச நாள் வேண்டாம் என்றேன்.

நீண்ட பகுதி இனிக் குறுகாது. அதனால் அடுத்த வாரப் படத்தில் மொத்த உயரத்தைப் பார்க்காமல், விதையிலைக்கு மேலே புதிதாக வந்த இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத்தான் பார்த்தோம். அது நெருங்கியிருந்தது, தண்டில் லேசான ஊதாவும் ஏறியிருந்தது. நடும்போது விதையிலை வரைக்கும் மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடச் சொன்னேன். தக்காளித் தண்டு மண்ணுக்குள்ளே வேர் விடும். மிளகாயில் இதை நம்ப முடியாது. மிளகாய் நாற்று இந்த அளவுக்கு நீண்டு சாய்ந்தால், தட்டைக் காலி செய்து மறுபடி விதைப்பதுதான் என் வழக்கம்.