பக்க வரிசை தலைகீழாக வந்தால் போர்டு போய்விட்டது என்பார்கள், நம்பாதீர்கள்

என் லேசர் பிரிண்டரில் ஒரு நாள் திடீரென்று பக்கங்கள் தலைகீழ் வரிசையில் வர ஆரம்பித்தன. 12 பக்க அறிக்கையை எடுத்தால் மேலே 12, அடியில் 1. பழுது பார்க்க வந்தவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "மெயின் போர்டு போயிடுச்சு சார்" என்றார். எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாள் கழித்துக் கொண்டுவந்து வைத்தார். வேர்டில் இருந்து ஒரு பிரதி எடுத்துக் காட்டினார், வரிசை சரி. புது பிரிண்டரின் பாதி விலையைக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் ஒரு பிடிஎஃப் எடுத்தேன். பழையபடி தலைகீழ்! போர்டு மாற்றியிருந்தால் வேர்டுக்கு ஒரு நியாயம், பிடிஎஃபுக்கு ஒரு நியாயமா? அப்போதுதான் பிரிண்டரின் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கனமான உறைகளை அச்சடிக்க நானே திறந்துவிட்ட பின்கதவு திறந்தே கிடந்தது.

விஷயம் இவ்வளவுதான். பின்கதவு மூடியிருந்தால் தாள் வளைந்து மேல் தட்டுக்கு வந்து, அச்சிட்ட பக்கம் கீழே பார்த்தபடி விழும். முதல் பக்கத்தின் மேல் இரண்டாவது, அதன் மேல் மூன்றாவது. கட்டைத் திருப்பினால் வரிசை சரியாக இருக்கும். கதவு திறந்திருந்தால் தாள் வளையாமல் நேராகப் பின்னால் வரும், அச்சு மேலே பார்க்கும், முதல் பக்கம் அடியில் மாட்டிக்கொள்ளும். கனமான தாள் மடங்காமல் இருக்கத்தான் அந்த வழி. எந்த உதிரிபாகமும் கெட்டுப்போகவில்லை.

கதவை மூடினேன். பிடிஎஃப் சரியானது, இப்போது வேர்டு தலைகீழ். மனிதர் செய்த 'ரிப்பேர்' அங்கேதான் ஒளிந்திருந்தது. வேர்டில் File > Options > Advanced போய், Print என்ற பகுதியில் Print pages in reverse order என்பதை டிக் செய்துவிட்டிருந்தார். எடுத்துவிட்டேன், முடிந்தது.

யாரையும் கூப்பிடும் முன் 3 பக்கம் மட்டும் அச்சடித்து, எது முதலில் வெளியே வருகிறது என்று நின்று பாருங்கள். 1 முதலில் வந்து, அச்சு மேலே பார்த்தபடி விழுந்தால் காரணம் பின்கதவு. 3 முதலில் வந்தால் வேர்டிலோ பிரிண்டர் டிரைவரிலோ பக்க வரிசை மாற்றப்பட்டிருக்கிறது. (இங்க்ஜெட்டில் பெரும்பாலும் அச்சு மேலே பார்த்துத்தான் விழும். அதனால் கடைசிப் பக்கத்திலிருந்து அச்சிடுவது அங்கே வேண்டுமென்றே வைத்த அமைப்பாக இருக்கலாம்.)

அதே ஆள் இன்னொன்றையும் மாற்றிவிட்டுப் போயிருந்தார். அந்த 12 பக்க அறிக்கையை 5 பிரதி கேட்டால் முதல் பக்கமே ஐந்து, அப்புறம் இரண்டாம் பக்கம் ஐந்து. 60 தாளையும் மேசையில் பரப்பி நானே பிரித்து அடுக்கினேன். அச்சிடும் திரையில் Collated என்ற தேர்வு இருக்கிறது. அது 1,2,3 1,2,3 என்று ஒவ்வொரு பிரதியையும் முழுதாகத் தரும். Uncollated என்றால் 1,1,1 2,2,2. வேர்டில் சரியாக இருந்தும் கலைந்தே வந்தால் டிரைவரின் அமைப்பிலும் ஒருமுறை பாருங்கள்.

போனில் அழைத்துக் கேட்டேன். "போர்டுதான் சார் மாத்தினேன்" என்றார். கழற்றிய பழைய போர்டைக் கொடுங்கள் என்றேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.