பன்னிரண்டில் திரும்பும் கவுன்ட்டர்: நேரடி ரீசெட்டா, லாட்ச் வைத்த ரீசெட்டா?

குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் பேக்கிங் அறையை எடுத்துக்கொள்வோம். பெல்ட்டில் பாக்கெட் வருகிறது, சென்சார் பாக்கெட்டுக்கு ஒரு பல்ஸ் தருகிறது. பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பெட்டி. நாலு பிட் ரிப்பிள் கவுன்ட்டரான 7493 தானாக விட்டால் 0 முதல் 15 வரை எண்ணும். அதைப் பன்னிரண்டில் சுழியத்துக்குத் திருப்ப வேண்டும்.

எல்லோரும் முதலில் செய்வது நேரடி ரீசெட். பல்ஸ் 14-ஆம் பின்னுக்கு, 12-ஐயும் 1-ஐயும் இணைத்தால் நாலு பிட்டும் ஒரே வரிசை. பன்னிரண்டு என்பது 1100. அதனால் எட்டின் பிட்டையும் (பின் 11) நான்கின் பிட்டையும் (பின் 8) ரீசெட் பின்களான 2, 3-இல் கொடுத்தால் போதும். இரண்டும் ஒன்றாக உயர்ந்தால்தான் சிப்பின் எண்ணிக்கை அழிந்து 0 ஆகும். வெளியே ஒரு கேட்கூட வேண்டாம். பதினொன்றுக்கு என்றால் 1011, மூன்று ஒன்றுகள். அங்கே தனி கேட் வைத்தே ஆகவேண்டும்.

ரிப்பிள் கவுன்ட்டரில் பிட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுவதால், நடுவில் வரும் பொய் எண்கள் ரீசெட்டைத் தட்டிவிடும் என்று பலர் பயப்படுவார்கள். மேல்நோக்கி எண்ணும்போது அது நடக்காது. 11-இலிருந்து 12-க்குப் போகையில் 1011, 1010, 1000, 1100 என்று போகிறது; இடையில் வருவதெல்லாம் சிறிய எண்கள்தான். மேலே இரண்டு பிட்டும் ஒன்றாக நிற்கும் முதல் எண்ணே பன்னிரண்டு.

உண்மையான வம்பு அந்தப் பன்னிரண்டில் இருக்கிறது. அது சில பத்து நானோ வினாடிதான் உயிரோடு இருக்கும், ஆனால் இருக்கும். 8 முதல் 11 வரை தாழ்ந்து கிடந்த நான்கின் பிட் அந்த நேரம் ஊசிபோல் ஒருமுறை எழுந்து விழுகிறது. எல்.இ.டி.யில் தெரியாது. பெட்டிகளை எண்ணும் அடுத்த கவுன்ட்டர் அந்த பிட்டிலிருந்து ஓடினால் 7-க்கு அப்புறம் ஒரு முறை, ரீசெட்டில் இன்னொரு முறை என்று எண்ணும். ஊசி மிகக் குறுகினால் சில சமயம் எண்ணாது. பெட்டி எண்ணிக்கை இரட்டிப்பாகவோ தாறுமாறாகவோ வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. எட்டின் பிட்டை எடுத்தால் வம்பில்லை: எட்டில் எழுந்து, ரீசெட்டில் ஒரே ஒருமுறை விழுகிறது.

இன்னொரு குறை, ரீசெட் தன் காலைத் தானே வாரிவிடுகிறது. முதலில் அழியும் பிட் ரீசெட்டை விலக்கிவிடும், மற்றது அழிந்ததோ இல்லையோ. போதாக்குறைக்கு நான்கின் பிட் விழும்போது அதுவே எட்டின் பிட்டுக்கு கிளாக். அதற்குள் ரீசெட் விலகியிருந்தால், அழிந்த எட்டின் பிட் மறுபடி எழுந்து, எண்ணிக்கை 0-க்குப் பதில் 8-இல் நிற்கலாம். ஒரே சிப்புக்குள் பிட்டுகள் ஏறக்குறைய சம வேகம் என்பதால் 7493-இல் இது அரிது. தனித்தனி ஃபிளிப்-ஃபிளாப் சிப்புகளை நீண்ட ஒயரில் கோத்து, ஒரு பிட்டில் மட்டும் எல்.இ.டி. சுமையும் ஏற்றினால் அரிதில்லை.

லாட்ச் முறை இதற்குத்தான். ஒரு 7400-இல் நாலு நேண்ட் கேட். நாலும் சரியாகச் செலவாகும். ஒன்று பன்னிரண்டைக் கண்டுபிடிக்கும், இரண்டு குறுக்காகப் பின்னி லாட்ச் ஆகும், மிச்சமிருப்பது கிளாக்கைத் தலைகீழாக்கும். 7493 கிளாக் விழும்போது எண்ணுகிறது. பன்னிரண்டு தெரிந்ததும் லாட்ச் உயர்ந்து, 2, 3 இரண்டு பின்னையும் பிடித்துக்கொள்ளும். பிட்டுகள் அழிந்தாலும் விடாது. கிளாக் மறுபடி ஏறும்போதுதான் விடும். அடுத்த விழுதலில் 1. பெல்ட் நடுவில் நின்றுபோனாலும் எண்ணிக்கை 0-இல்தான் காத்திருக்கும், அது சரியான எண்தான். கிளாக் தாழ்ந்திருக்கும் நேரம் ரிப்பிள் தாமதத்தைவிட நீளமாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்; எல்.எஸ். வகையில் நாலு பிட்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 70 நானோ வினாடி. பாக்கெட் எண்ண இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஊசியை லாட்ச் ஒழிக்காது. பன்னிரண்டு வந்தால்தானே அது தட்டும்!

இதெல்லாம் வேண்டாம் என்றால் 7492 இருக்கிறது, உள்ளேயே பன்னிரண்டால் வகுக்கும், ஊசி வராது. ஆனால் 5-க்கு அடுத்து 8-க்குத் தாவும், அதனால் பாக்கெட் எண்ணைத் திரையில் காட்ட உதவாது.

பெட்டி சேர்ந்ததை மட்டும் அறிந்தால் போதுமென்றால் நான் 7492-ஐப் போடுவேன். பாக்கெட் எண்ணும் தெரியவேண்டும், ஒரே சிப் என்றால் நேரடி ரீசெட், அடுத்த கவுன்ட்டருக்கான கேரி எட்டின் பிட்டிலிருந்து. தனித்தனி ஃபிளிப்-ஃபிளாப் என்றாலோ மோட்டார் இரைச்சலுக்குப் பக்கத்தில் நீண்ட ஒயர் என்றாலோ 7400-ஐயும் சேர்த்தே வாங்கிவிடுவேன்.