மினுமினுப்பு சீரத்தில் இல்லை: கீலேட்டிங் ஷாம்பூவுடன் ஒரு நீண்ட அனுபவம்

மங்கிய முடிக்கு எண்ணெயும் சீரமும்தான் தீர்வு என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தண்ணீரிலிருந்து முடியில் படியும் தாதுக்களைப் பிடித்து நீக்கும் கீலேட்டிங் ஷாம்பூவை ஒரு வருடத்துக்கும் மேலாகப் பயன்படுத்துகிறேன். முடியின் மேல் எதையாவது பூசுவதைவிட, அதன் மேல் படிந்திருப்பதை எடுப்பதுதான் எனக்குப் பலன் தந்தது.

முடியின் வெளிப்புறம் மீன் செதில்போல அடுக்கடுக்காக இருக்கும். செதில்கள் படிந்து கிடந்தால் ஒளி நேராகத் திரும்பி, முடி மினுங்கும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அவற்றின் மேல் படியும்போது ஒளி சிதறிவிடுகிறது. என் முடி மெல்லியது, தோள் வரை நீளம். குளித்து உலர்ந்த உடனேயே மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. குழாயின் வாயில் வெள்ளைப் படிவும் இருந்ததால், காரணம் தண்ணீர்தான் என்று சந்தேகித்தேன். ஈரமாக இருக்கும்போதே முடி வழுவழுவென்று இருந்து, உலர்ந்ததும் தொங்கிப்போனால், அது பெரும்பாலும் சிலிகோன் படிவு. அதற்குச் சாதாரண ஆழ்சுத்த ஷாம்பூவே போதும்.

நான் வாங்கிய கீலேட்டிங் ஷாம்பூவில், தாதுக்களைப் பிடிக்கும் டைசோடியம் ஈடிடிஏ சேர்பொருள் பட்டியலின் முன்பகுதியிலேயே இருக்கிறது. பல ஷாம்பூக்களில் அது கெடாமல் காக்க மட்டும் சிறிதளவு சேர்க்கப்படுவதால், பெயரைக் கண்டதும் வாங்கிவிட வேண்டாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை நுரைக்க வைத்து, சில நிமிடங்கள் விட்டு அலசுகிறேன். அடிக்கடி போட்டால் முடி வறண்டுவிடும். சாயமும் சீக்கிரம் வெளுக்கலாம். பிறகு, காதுக்குக் கீழே மட்டும் கண்டிஷனர். பெரும்பாலான கண்டிஷனர்கள் சற்று அமிலத்தன்மை உள்ளவை என்பதால் செதில்கள் படிய உதவும். துண்டால் தேய்க்காமல் அழுத்தி ஈரத்தை எடுக்கிறேன்.

கடைசியில்தான் சீரம், அதுவும் இரண்டு சொட்டு. முடி ஈரமாக இருக்கும்போது, உள்ளங்கையில் பளபளப்பு ஏறக்குறைய மறையும் வரை தேய்த்துவிட்டு, நுனியிலிருந்து பாதி வரை தடவுகிறேன். வேர்ப்பகுதிக்கு வேண்டாம், அங்கே தலையின் சொந்த எண்ணெயே போதும். டிரையர் பயன்படுத்தினால் காற்று வேரிலிருந்து நுனி நோக்கிப் போக வேண்டும். திசை மாறினால் அத்தனை உழைப்பும் கலைந்துவிடுகிறது.

அளவு சரியா என்று ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். இழைகள் தனித்தனியாக மினுங்கித் தலையசைவில் ஒளி நகர்ந்தால் சரி. இழைகள் கற்றை கற்றையாக ஒட்டினால் எண்ணெய் அதிகம். முழு முடியும் ஒரே தகடுபோல் பளபளத்தால் சிலிகோன் அதிகம். அதுதான் பிளாஸ்டிக் தோற்றம்.

இதற்கு எல்லையும் உண்டு. சுருள் முடி பல திசைகளில் வளைவதால் நேர்முடி போல் மினுங்காது. அதைக் குறையாக எண்ண வேண்டியதில்லை. பிளீச் செய்த பகுதிகளில் செதில்களின் மேலிருக்கும் இயற்கையான கொழுப்புப் படலமே போய்விடுவதால், எந்த ஷாம்பூவும் அதை மீட்டுத் தராது. என் பழைய நுனிகள் கடைசிவரை மங்கலாகவே இருந்தன, அவற்றை வெட்டிவிட்டேன்.