சின்ன லப்டொப் திரையில் டைம்லைன்: கீழே வைப்பதா, பக்கத்தில் வைப்பதா?

கல்முனைப் பக்கம் கல்யாணம், சாமத்திய வீடு என்று வீடியோ வெட்டும் பலரிடம் இருப்பது 1366×768 திரைதான். அதில் பிரீமியர் ப்ரோவைத் திறந்தால் மேலே மீடியாவும் பிரிவியூவும், கீழே முழு அகலத்துக்கு டைம்லைன். இந்த அமைப்பு எல்லோருக்கும் பழக்கம். நான் இப்போது டைம்லைனை இடப்பக்கம் மேலிருந்து கீழ்வரை நீட்டி, வலப்பக்கம் பிரிவியூவையும் அதன் கீழ் மீடியாவையும் வைத்து வெட்டுகிறேன். சின்னத் திரைக்கு இதுதான் சரி என்பேன்.

காரணம் உயரம். மெனுவும் டாஸ்க்பாரும் போக மிஞ்சுவது சுமார் 650 பிக்சல். பழைய அமைப்பில் அதில் பாதியைப் பிரிவியூ எடுத்துவிடும். டைம்லைனின் நேர அளவுகோலும் பட்டன்களும் போக, ட்ராக்குகளுக்குக் கிடைப்பது 220 அளவில்தான். ஒரு சாமத்திய வீட்டுக்கு இரண்டு கமரா, அவற்றின் ஒலி இரண்டு, மேடை மைக் தனியாக, பாட்டு என்று ஆறு ட்ராக் வரும். ஒன்றுக்கு 37 பிக்சல்கூட இல்லை. ஒலி அலை வெறும் கோடாகத் தெரியும். ட்ராக்கைப் பெரிதாக்கினால் மைக் ட்ராக் கண்ணுக்கு மறைந்துவிடும். வீடியோவை நகர்த்தும்போது மைக் ஒலி கூடவே வராமல் நின்றால் உதடும் பேச்சும் பொருந்தாது. கமராவின் சொந்த ஒலி விலகினால் கிளிப்பில் சிவப்பு எண் வரும். தனியாகப் பதிந்த மைக்கை வீடியோவோடு இணைக்காவிட்டால் அந்த எச்சரிக்கையும் வராது. பக்கவாட்டு அமைப்பில் ட்ராக் ஒன்றுக்கு 90 பிக்சலுக்கு மேல் கிடைக்கும், ஆறும் ஒரே பார்வையில் நிற்கும்.

மாற்றுவது எளிது. பிரிவியூ காட்டும் Program டாப்பைப் பிடித்து ஜன்னலின் வலது விளிம்புக்கு இழுங்கள். பச்சைக் கோடு தெரிந்ததும் விடுங்கள். மீடியா இருக்கும் Project பனலை அதன் கீழ் விளிம்பில் விடுங்கள். Source, Effects போன்றவற்றை Project-இன் நடுவில் விட்டால் டாப்களாகச் சேர்ந்துகொள்ளும். வலப்பக்க அகலத்தை 480 அளவில் வைத்தால் 16:9 படம் 270 உயரத்தில் அடங்கும், கீழே மீடியாவுக்கும் இடம் மிஞ்சும். பிறகு Window > Workspaces > Save as New Workspace கொடுத்துச் சேமியுங்கள். பனல்கள் கலைந்தால் அதே இடத்தில் Reset to Saved Layout இருக்கிறது.

டைம்லைன் அகலம் குறைவது உண்மை. ஆனால் `\` அழுத்தினால் முழு வீடியோவும் அகலத்துக்குள் வந்துவிடும், `+` `-` கொண்டு கிட்டப் போகலாம். உயரத்துக்கு அப்படி வசதியான வழி இல்லை. பிரிவியூ சின்னதாக இருப்பதால் ஃபோகஸ் பார்க்க, அதன் மேல் மவுஸை வைத்து, 1-க்கு இடப்பக்கமுள்ள <code>`</code> விசையை அழுத்துவேன். படம் பெரிதாகும், திரும்ப அழுத்தினால் பழையபடி.

நிறம் திருத்தும்போது மட்டும் பழைய அமைப்புக்கே போகிறேன். அங்கே ட்ராக்கைவிடப் படம்தான் முக்கியம். ரீல்ஸ் நான் அதிகம் வெட்டுவதில்லை. செய்தவரை, 9:16 படத்துக்கு வலப்பக்கத் தூண் முழுவதையும் பிரிவியூவுக்கே விட்டு, மீடியாவை அதனோடு டாப்பாகச் சேர்ப்பது வசதியாக இருந்தது.